பொருத்தம் பார்த்த இரத்தப் பையை வார்டுக்கு வழங்கும் முறை: இரத்த வங்கிக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கு

மருத்துவமனை இரத்த வங்கியில் சேரும் ஒருவர் கிராஸ் மேட்ச் போடுவதைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டுவிடுவார். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய சரிபார்ப்புகள் கையோடு கலந்த பழக்கமாக மாறத்தான் நாளாகும். இந்தக் குழாயில் உள்ள சீரமும் இந்தப் பையில் உள்ள சிவப்பணுக்களும் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டுமே கிராஸ் மேட்ச் சொல்லும். குழாயில் இருப்பது படுக்கையில் இருப்பவரின் இரத்தம்தானா என்பதை அது சொல்லாது. வேறொருவரின் இரத்தம் தவறுதலாகக் குழாயில் வந்திருந்தால், பரிசோதனையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் முடிவு "பொருந்துகிறது" என்றே வரும், அந்தப் பையே நோயாளியின் உயிருக்கு ஆபத்தாகவும் முடியும். ஆகவே வழங்கும் முறையை, மேசையில் நடக்கும் பரிசோதனை ஒன்று, ஆளை உறுதிசெய்யும் சரிபார்ப்பு ஒன்று என இரண்டு இழைகளாக நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியும் எதற்காக இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். மகளிர் வார்டிலிருந்து லட்சுமி என்ற 46 வயது நோயாளிக்கு இரண்டு பை சிவப்பணு கேட்டுப் படிவம் வருகிறது. அதிக மாதவிடாய்ப் போக்கால் அவரது ஹீமோகுளோபின் 6.4 கிராமாக இறங்கியிருக்கிறது. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை. பெயரும் எண்களும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை; ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் இரத்த வங்கிகளில் வழக்கமாகச் சந்திப்பதே.

படிவத்தையும் குழாயையும் பெறுதல்

படிவத்தையும் குழாயையும் அருகருகே வைத்து, பெயர், வயது, பால், உள்நோயாளி எண், வார்டு, சாம்பிள் எடுத்த தேதி, நேரம், எடுத்தவரின் கையெழுத்து ஆகிய அனைத்தும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் இருப்பது அதிசயமல்ல. இருவருக்கும் முதலெழுத்து "கே" ஆகவே இருப்பதும் நடக்கும். பெயர் ஒருபோதும் போதாது. உள்நோயாளி எண்தான் பிடிமானம். கணவர் அல்லது தந்தையின் பெயர் அதற்குத் துணை.

குழாயின் லேபிளில் எண்ணின் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், வார்டிலிருந்து வந்தவர் "அது எழுத்துப் பிழைதான், நானே திருத்திக் கொடுக்கிறேன்" என்று பேனாவை எடுத்தாலும், அந்தச் சாம்பிளை ஏற்கக் கூடாது. திருத்தப்பட்ட லேபிள் அந்தக் குழாய் யாருடையது என்பதற்குச் சாட்சியாகாது. மறுத்த காரணத்தையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, புதிய சாம்பிள் கேட்க வேண்டும். இதில் கோபப்படுபவர்கள் இருப்பார்கள். தொலைபேசியில் குரலை உயர்த்துபவர்களும் இருப்பார்கள். புதிய சாம்பிள் வரச் சில நிமிடங்கள்தான் ஆகும். லேபிள் ஒட்டப்படாமல் படிவத்தில் சுற்றி வந்த குழாய்க்கும், சீரம் சிவந்துபோன குழாய்க்கும் இதே விதிதான். சீரம் சிவந்திருந்தால் பின்னர் பரிசோதனையில் சிவப்பணு உடைவதைக் கண்டுபிடிக்க முடியாது.

படிவத்தில் இன்னும் இரண்டு கேள்விகளுக்கான விடையைத் தேட வேண்டும்: நோயாளிக்கு முன்பு இரத்தம் ஏற்றியிருக்கிறார்களா, பெண்ணாக இருந்தால் கர்ப்பம் தரித்திருக்கிறாரா? இவை நடந்தவர்களின் உடலில் பிறரது சிவப்பணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். கடந்த மூன்று மாதத்திற்குள் இவற்றில் ஒன்று நடந்திருந்தால், 72 மணி நேரத்திற்குள் எடுத்த சாம்பிளைத்தான் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் புதிய ஆன்டிபாடி அந்த இடைவெளியில் தலைகாட்டக்கூடும். லட்சுமியின் படிவத்தில் இந்த இடம் காலியாக இருந்தது. வார்டுக்குப் போன் செய்து கேட்டதில், பல வருடங்களுக்கு முன் இரண்டாவது பிரசவத்தின்போது வேறொரு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டவர் யார், சொன்னவர் யார் என்பதோடு படிவத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரத்த வகையும் பழைய பதிவும்

நோயாளியின் வகையை இரு திசையிலும் பார்க்க வேண்டும். அவரது சிவப்பணுக்களை ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி சீரங்களோடு சேர்ப்பது முன் வகைப்படுத்தல். அவரது சீரத்தைத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு சேர்ப்பது பின் வகைப்படுத்தல். இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்தால்தான் வகையை எழுத வேண்டும். ஓ அணுக்களை வைக்காமல் நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் உண்டு. 1952-இல் மும்பையில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பாம்பே வகை, முன் வகைப்படுத்தலில் சாதாரண ஓ போலவே தெரியும். ஓ அணுக்களோடு சீரம் திரளும்போதுதான் அது வெளிப்படும். நம் நாட்டில் வேலை செய்பவர் அந்த ஒரு துளியை விடக் கூடாது.

லட்சுமியின் முடிவு பி பாசிட்டிவ். இதை எழுதுவதற்கு முன், உள்நோயாளி எண்ணையும் பெயரையும் கொண்டு இரத்த வங்கியின் பழைய பதிவுகளைத் தேட வேண்டும். ஆளை உறுதிசெய்யும் இழையில், மேசையிலிருந்தே நாம் செய்யக்கூடிய மிக வலுவான சரிபார்ப்பு இதுதான். பழைய பதிவில் ஓ பாசிட்டிவ் என்றிருந்து இன்று பி பாசிட்டிவ் வந்தால், இரண்டில் ஒரு குழாய் அவருடையது அல்ல என்றே கொள்ள வேண்டும். பழைய பதிவு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் பி இரத்தத்தோடு பி பை அழகாகப் பொருந்தியிருக்கும்; அது ஓ வகை நோயாளியின் உடலுக்குள் போனதும், அவரிடமுள்ள ஆன்டி-பி அந்த அணுக்களை நாளத்திற்குள்ளேயே உடைக்கத் தொடங்கியிருக்கும்.

லட்சுமிக்கு இந்த மருத்துவமனையில் முந்தைய பதிவு ஏதும் இல்லை. இத்தகைய நிலையில், அவசரம் இல்லாதபோது, வேறொரு நேரத்தில் வேறொருவர் எடுத்த இரண்டாவது சாம்பிளைக் கேட்டு வகையை மட்டும் மறுபடி பார்ப்பது நல்லது. முதல் முறை எடுத்த இரத்தத்தையே இரண்டு குழாய்களில் ஊற்றி, இரண்டாவதை ஒரு மணி நேரம் கழித்து அனுப்பினால் இதனால் பயனில்லை. குழாயில் எழுதிய நேரத்தையும் கையெழுத்தையும் பார்த்தால் அது பெரும்பாலும் தெரிந்துவிடும். அவருடைய இரண்டாவது சாம்பிளும் பி பாசிட்டிவ் என்றே வந்தது.

பையைத் தேர்ந்து பொருத்தம் பார்த்தல்

சிவப்பணுப் பைகள் 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்பெட்டியில் இருக்கும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, மேகநோய், மலேரியா ஆகிய பரிசோதனைகள் முடிந்து, பயன்பாட்டுக்கு விடுவிக்கப்பட்ட அடுக்கிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். காலாவதி நெருங்கிய பையை முதலில் எடுப்பது பொது வழக்கம். சி.பி.டி.ஏ. கரைசலில் எடுத்தவை 35 நாளும், சாக்-எம் சேர்த்த சிவப்பணு 42 நாளும் தாங்கும்.

பையோடு இணைந்த குழலில் சீல் வைத்த சிறு துண்டுகள் வரிசையாக இருக்கும். இவற்றைச் செக்மென்ட் என்கிறோம். ஒவ்வொன்றின் மீதும் ஒரே எண் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். அது தானத்தின் எண் அல்ல, பையைத் தயாரித்த கம்பெனி குழலில் இட்ட எண். அதே எண் பதிவேட்டில் அந்தத் தான எண்ணுக்கு நேரே எழுதப்பட்டிருக்கும். ஒரு செக்மென்டை வெட்டியவுடன் அதைத் தான எண் எழுதிய குழாயில் போட்டுவிட வேண்டும். இரண்டு பைகளின் செக்மென்ட்களை ஒன்றாக வெட்டி மேசையில் வைத்துவிட்டு, பிறகு குழாய் எழுதலாம் என்று நினைப்பதில்தான் மாறிப்போதல் தொடங்குகிறது.

குழாய் முறையில், செக்மென்டிலிருந்து எடுத்த அணுக்களை உப்புநீரில் கழுவி, சுமார் 5 சதவீதக் கலவையாக்கி, நோயாளியின் சீரம் இரண்டு துளியோடு கலவை ஒரு துளி சேர்த்து உடனே சுழற்ற வேண்டும். ஏ, பி, ஓ வகையில் தவறு இருந்தால் இங்கேயே திரளும், அல்லது மேலே நிற்கும் திரவம் சிவக்கும். சிவத்தலும் பொருந்தாமையே, திரளைக் காணோம் என்று அதைக் கடந்துவிடக் கூடாது. அதனால் குழாயை ஆட்டும் முன் திரவத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மெல்லச் சாய்த்து அடியில் உள்ள அணுக்கள் ஒழுகுகின்றனவா, கட்டியாகப் பெயர்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து 37 டிகிரியில் வைத்தல். உப்புநீர் முறைக்குக் குறைந்தது அரை மணி நேரம், லிஸ் கரைசல் சேர்த்தால் அதன் கையேடு சொல்லும் நேரம், பொதுவாக 15 நிமிடம். பின்னர் மூன்று முறையாவது நன்றாகக் கழுவி, ஒவ்வொரு கழுவலின் நீரையும் முழுமையாகக் கவிழ்த்துவிட்டு, ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைத் திரளச் செய்யும் கூம்ஸ் சீரம் சேர்த்துச் சுழற்றிப் படிக்க வேண்டும். கழுவுவதில் உள்ள அவசரம்தான் இந்தப் பரிசோதனையின் பெரிய பலவீனம். எஞ்சிய சீரத்தில் உள்ள புரதம் கூம்ஸ் சீரத்தை முன்பே செயலிழக்கச் செய்துவிடும். அதனால் ஆன்டிபாடி இருந்தும் குழாய் தெளிவாக "நெகட்டிவ்" காட்டும். அதைக் கண்டறியத்தான், நெகட்டிவ் வந்த ஒவ்வொரு குழாயிலும் ஆன்டிபாடி பூசிய கட்டுப்பாட்டு அணுக்கள் ஒரு துளி சேர்த்து மீண்டும் சுழற்றுகிறோம். அவை திரள வேண்டும். திரளவில்லை என்றால் அந்த நெகட்டிவ் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜெல் கார்டு முறையில் கழுவும் படியே இல்லை, ஆகவே இந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் அணுக்களின் செறிவும் கார்டின் நிலையும் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்க வேண்டும்.

லட்சுமியின் முதல் பை எல்லாக் கட்டத்திலும் நெகட்டிவ். கட்டுப்பாட்டு அணுக்கள் திரண்டன. இரண்டாவது பை முதல் சுழற்றலில் நெகட்டிவாக இருந்து, கூம்ஸ் கட்டத்தில் இரண்டு பிளஸ் அளவுக்குத் திரண்டது. புதியவர்களின் கை இங்கே தானாக மூன்றாவது பையை நோக்கிப் போகும். பொருந்தும் பை கிடைத்துவிடலாம், ஆனால் பொருந்தாததற்கான காரணம் அறியப்படாமலேயே போய்விடும். ஆகவே இரண்டு குழாய்களைப் பார்க்க வேண்டும். நோயாளியின் சீரத்தோடு அவரது சொந்த அணுக்களை வைத்த குழாய் நெகட்டிவாக இருந்தால், அவரது அணுக்களின் மேல் ஏதும் பூசியிருப்பதால் ஏற்பட்ட குழப்பம் இல்லை. பையின் அணுக்களில் நேரடி கூம்ஸ் நெகட்டிவாக இருந்தால், கொடையாளரின் அணுக்களில் தவறு இல்லை. இங்கே இரண்டும் நெகட்டிவ். அதாவது நோயாளியின் சீரத்திலேயே ஓர் ஆன்டிபாடி இருக்கிறது. ஆன்டிபாடி ஸ்கிரீனிங் பாசிட்டிவாக வந்து, பதினோரு அணுக்கள் கொண்ட பேனலில் அது ஆன்டி-இ (பெரிய இ) என்று அடையாளம் காணப்பட்டது. பிரசவத்தில் ஏற்றிய இரத்தமோ, கர்ப்பமோ காரணமாகியிருக்கலாம்.

இனி அவருக்கு இ ஆன்டிஜன் இல்லாத பைகள் வேண்டும். பொருந்திய முதல் பையையும் ஆன்டி-இ சீரத்தால் சோதித்து, அதில் இ இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே அவருக்கு ஒதுக்க வேண்டும். சில சமயம் பலவீனமான எதிர்வினையைக் கிராஸ் மேட்ச் தவறவிடும். நம் மக்களில் பெரும்பாலானோரிடம் இ இல்லை என்பதால், அடுக்கில் உள்ள பி பாசிட்டிவ் பைகளில் சிலவற்றைச் சோதித்தாலே ஒன்று கிடைத்துவிடும். தாமதத்தையும் காரணத்தையும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் உடனே சொல்லி, சொன்ன நேரத்தை எழுத வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததால் இதற்கு நேரமும் இருந்தது.

கவுன்டரில் வழங்குதல்

பொருந்திய ஒவ்வொரு பையிலும், நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், வகை, பையின் எண், வகை, காலாவதி, பரிசோதனை முடிவு, செய்தவரின் கையெழுத்து ஆகியவற்றுடன் பொருத்தச் சீட்டைக் கட்டி, ஒதுக்கீட்டு அடுக்கில் வைக்க வேண்டும். இரண்டு நோயாளிகளுக்கான சீட்டுகளை ஒரே நேரத்தில் எழுதாதீர்கள்.

வார்டிலிருந்து பை எடுக்க வருபவர், நோயாளியின் விவரம் எழுதிய சீட்டும் குளிர்ப் பெட்டியும் கொண்டு வர வேண்டும். "மகளிர் வார்டு லட்சுமிக்கு ஒரு பாக்கெட்" என்று வாயால் கேட்டால் கொடுக்கக் கூடாது. பிறகு டெக்னீஷியன் வாங்க வந்தவரின் சீட்டிலிருந்து படிக்க, வந்தவர் பையிலும் பொருத்தச் சீட்டிலும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் படித்து மற்றவர் "சரி, சரி" என்பது சரிபார்ப்பாகாது. இருவர் வாயிலிருந்தும் எண் வர வேண்டும்.

பிறகு பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அணுக்களுக்கு மேலுள்ள திரவம் சிவந்திருக்கிறதா, அணுக்கள் ஊதா அல்லது கறுப்பு நிறமாக இருக்கின்றனவா, செக்மென்டில் உள்ள நிறத்துக்கும் பையில் உள்ள நிறத்துக்கும் வேறுபாடு தெரிகிறதா, கட்டி இருக்கிறதா, மெல்ல அழுத்தினால் வாய்ப்பகுதியில் கசிகிறதா என்று பாருங்கள். பையின் அணுக்கள் செக்மென்டைவிடக் கருத்திருந்தால் நுண்ணுயிர் வளர்ந்திருக்கலாம் என்று சந்தேகித்து, அந்தப் பையைத் தனியே வைத்துப் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் காட்ட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பையைத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு பை ஒன்றாகப் போனால், இரண்டாவது வார்டின் மருந்துக் குளிர்பெட்டியில் தங்கிவிடும். அதன் வெப்பநிலையை யாரும் கண்காணிப்பதில்லை. பை வெளியேறிய 30 நிமிடத்திற்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், தொடங்கிய 4 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும், வெந்நீரில் வைத்துச் சூடாக்கக் கூடாது, அதே குழலில் மருந்து எதுவும் கலக்கக் கூடாது. இவற்றைச் சீட்டில் அச்சடித்திருந்தாலும் வாயாலும் சொல்லுங்கள். ஏற்றாமல் திரும்பி வரும் பை 30 நிமிடத்திற்குள் வந்து, சீல் உடையாமல், குளிரில் இருந்திருந்தால் மட்டுமே மீண்டும் அடுக்குக்குப் போகலாம். "கொஞ்ச நேரந்தான் வெளியே இருந்தது" என்ற வார்த்தையை நம்பி ஏற்க முடியாது; வழங்கும்போது எழுதிய நேரந்தான் கணக்கு.

உயிர் போகும் இரத்தப்போக்கில் கிராஸ் மேட்ச் முடியும்வரை காத்திருக்க முடியாத நேரம் வரும். அப்போது கேட்கும் மருத்துவரின் கையெழுத்திட்ட அவசரக் கோரிக்கையைப் பெற்று, வகை தெரியாவிட்டால் ஓ சிவப்பணுவைக் கொடுத்து, பையில் "பொருத்தம் பார்க்கப்படவில்லை" என்று பெரிதாக எழுத வேண்டும். பை போகும் முன் செக்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு, பரிசோதனையைத் தொடர்ந்து முடித்து, பொருந்தாமை தெரிந்த நொடியே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும்.

பதிவேடு

மருந்துகள் விதிகளின் எஃப் அட்டவணை, வழங்கல் பதிவேட்டில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறது: வழங்கிய தேதி, நேரம், பையின் எண், வகை, அளவு, பெறுபவரின் பெயர், முகவரி, வகை, சேர்ந்த பிரிவு, பொருத்தப் பரிசோதனையின் விவரம், ஏற்றுவதற்கான காரணம். பதிவேடுகளை 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும். இவற்றில் நேரத்தையும் கையெழுத்தையும் அந்தந்தக் கணத்திலேயே எழுத வேண்டும். ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து எழுதினால், எல்லாப் பைகளும் முழு மணிக்கும் அரை மணிக்கும் வெளியேறியதாகத் தோன்றும். தணிக்கைக்கு வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை கூடாது.

வழங்கியதோடு பையின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. வார்டிலிருந்து ஏற்றிய நேரமும், எதிர்வினை உண்டா இல்லையா என்ற குறிப்பும் திரும்பி வந்து அதே வரியில் பதிவாக வேண்டும். நோயாளியின் சாம்பிளையும் பையின் மாதிரியையும் வழங்கிய பின் 7 நாள் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். காய்ச்சல், நடுக்கம், இடுப்பு வலி, சிவந்த சிறுநீர் என்று எதிர்வினை சொல்லப்பட்டால், மீதிப் பை, ஏற்றிய பின் எடுத்த புதிய சாம்பிள், நாம் வைத்திருக்கும் பழைய சாம்பிள் ஆகிய மூன்றையும் கொண்டு, முதலில் பெயர்களையும் எண்களையும், பின்னர் வகையையும், நேரடி கூம்ஸையும், கிராஸ் மேட்சையும் மறுபடி பார்க்க வேண்டும். உறுதியான எதிர்வினைகளை இந்திய இரத்தக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் அனுப்ப வேண்டும். நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் நிறுவனம் 2012 முதல் அதை நடத்துகிறது.

லட்சுமியைப் பொறுத்தவரை, பதிவேட்டில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆன்டி-இ போன்ற ஆன்டிபாடிகள் சில வருடங்களில் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடலாம். அப்போது இ உள்ள பையும் கிராஸ் மேட்சில் பொருந்திவிடும், ஏற்றிய சில நாட்களில் ஆன்டிபாடி மீண்டும் பெருகி அணுக்கள் உடையும். அதனால் அவரது பெயருக்கும் எண்ணுக்கும் நேரே இந்த முடிவை நிரந்தரமாகப் பதிந்து, வழக்கமான சாம்பிள்கள் பதிவாகும் இடத்திலேயே எச்சரிக்கை தெரியும்படி செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதும்படி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்த வகையும் ஆன்டிபாடியின் பெயரும், "எந்த மருத்துவமனையிலும் இரத்தம் ஏற்றும் முன் இந்த அட்டையைக் காட்டவும்" என்ற வரியும் எழுதிய அட்டை ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து, அவர் கையிலும், உடன் இருக்கும் உறவினரிடம் அதன் நகலுமாகக் கொடுத்துவிட வேண்டும்.